9.3-இல் நிற்பதா, 9.2-இல் நிற்பதா? இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு ஒப்பந்தப் பணியாளருக்குப் பணிநீக்கக் கடிதம்

ஹெச்ஆர்_புதுசு (ஜூலை 14)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பணிநீக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. பணியாளர் நேரடியாக எங்களோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. வேலை, இன்வாய்ஸ்களைக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவதும் மாத அறிக்கை தயாரிப்பதும்.

ஒப்பந்தத்தின் இணைப்பு அ-வில் இரண்டு அளவுகோல் உண்டு. மாதிரிக்கு எடுக்கும் 100 பதிவுகளில் 3 பிழைக்கு மேல் போகக் கூடாது. மாத அறிக்கை அடுத்த மாதத்தின் 5-ஆவது வேலைநாளுக்குள் வர வேண்டும்.

ஏப்ரல் 8-இல் முதல் எச்சரிக்கை: 100-க்கு 11 பிழை, 30 நாளில் சரிசெய்யவும். ஜூன் 20-இல் இரண்டாவது: மே மாத அறிக்கை தாமதம், ஒத்துழைப்பு போதாது, திருத்திக்கொள்ளாவிட்டால் நடவடிக்கை. இரண்டும் எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதியவை. போன வாரம் எடுத்த மாதிரியிலும் 100-க்கு 10 பிழை.

முடித்துக்கொள்ளச் சொல்லும் பிரிவுகள் இவை:

9.2: இரு தரப்பில் யாரும் காரணம் கூறாமல் 30 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்புக் கொடுத்து முடிக்கலாம்.

9.3: இணைப்பு அ-வின் தரத்தை எட்டாததற்காக இரண்டு எழுத்துப்பூர்வ எச்சரிக்கைகள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் குறித்த அவகாசத்துக்குள் தரம் எட்டப்படவில்லையெனில், 15 நாள் அறிவிப்பில் முடிக்கலாம்.

9.4: மோசடி, திருட்டு, ரகசியத்தை வெளியிடுதல் போன்ற கடும் ஒழுங்கீனத்துக்கு அறிவிப்பின்றி உடனே முடிக்கலாம்.

மேலாளர் 9.3-ஐக் காட்டி இந்த வாரமே கடிதம் போகட்டும் என்கிறார். வடிவம் வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா?

---

நேர்ப்பேச்சு

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? ஒப்பந்தப் பணியாளர்தானே, நிரந்தரம் இல்லையே. 9.2, 9.3, 9.4 மூன்றையும் கடிதத்தில் போட்டுவிடுங்கள், ஒன்று விழுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். எங்கள் அலுவலகத்தில் மூன்று வரிக் கடிதம்தான். 'ஒப்பந்த விதிகளின்படி தங்கள் பணி இன்றுடன் முடிவடைகிறது', அவ்வளவுதான். ஆனால் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். அது மட்டும் முக்கியம்.

---

கோப்பும்_நானும்

எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதில் நேர்ப்பேச்சு சொல்வது சரி. மற்றதெல்லாம் வம்பு.

9.4-ஐ முதலில் விடுங்கள். அது ஒழுங்கீனத்துக்கு உள்ள பிரிவு. 100-க்கு 10 பிழை என்பது திறமைக் குறைவு. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். 'உண்மையான காரணம் எது என்று நிறுவனத்துக்கே தெரியவில்லை' என்பார். மேலும் 'கடும் ஒழுங்கீனம்' என்ற சொல் ஒருவருடைய கோப்பில் ஏறினால் அவருக்கு அடுத்த வேலை கிடைப்பதே கஷ்டம். நடக்காத ஒன்றை எழுதியதற்காகவே அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. 9.3-ஐ மெதுவாகப் படியுங்கள். எச்சரிக்கை இணைப்பு அ-வின் தரத்துக்காக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அவகாசம் குறித்திருக்க வேண்டும். அந்த அவகாசம் முடிந்தும் தரம் எட்டப்படாமல் இருக்க வேண்டும். ஏப்ரல் கடிதம் மூன்றுக்கும் பொருந்துகிறது. ஜூன் கடிதத்தில் அறிக்கைத் தாமதம் இணைப்பு அ-வில் வருகிறது, சரி. 'ஒத்துழைப்பு போதாது' இணைப்பில் எங்கும் இல்லை. அதைவிட முக்கியம், அதில் அவகாசமே இல்லை. 'திருத்திக்கொள்ளாவிட்டால்' என்றால் எப்போதுக்குள்? ஆக 9.3 கேட்பது இரண்டு, உங்கள் கையில் முழுசாக இருப்பது ஒன்று.

இரண்டு கேள்வி. ஏப்ரல் எச்சரிக்கைக்கு அவர் பதில் எழுதினாரா? ஒப்பந்தத்தில் அறிவிப்பு எப்படிச் சேர வேண்டும் என்று பிரிவு இருக்கிறதா?

---

விடியல்22

என்னையும் இப்படித்தான் நிறுத்திவிட்டார்கள். வாசலில் காவலர் 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை' என்றார். கடிதமே தரவில்லை. நான் ஒரு ஏஜென்சி மூலம் போனவன். கம்பெனியைக் கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள், ஏஜென்சியில் போனை எடுப்பதில்லை. கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. 9.3-ஐ வைத்து நான் யாரிடம் கேட்பது?

---

கோப்பும்_நானும்

விடியல், அந்த 9.3 இவர்களுடைய ஒப்பந்தத்தில் உள்ளது, உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கையெழுத்து ஏஜென்சியோடு போட்ட தாளில் இருக்கிறது என்றால், பணிநீக்கக் கடிதமும் பாக்கிச் சம்பளமும் முதலில் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். 'வேலை முடிந்ததா, எந்தத் தேதியோடு, பாக்கி எப்போது' என்று மூன்று கேள்வி மட்டும் எழுதி, ஏஜென்சிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள், கம்பெனிக்கும் ஒரு நகல். பதில் வராவிட்டாலும் அதுவே பின்னால் ஆதாரம். தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

---

ஹெச்ஆர்_புதுசு

கோப்பும்_நானும் சார், நன்றி. பிரிவு 12.1-படி அறிவிப்பை ஒப்பந்தத்தில் குறித்த மின்னஞ்சலுக்கோ பதிவுத் தபாலிலோ அனுப்பலாம். 12.2-படி மின்னஞ்சல் என்றால் அடுத்த வேலைநாளிலிருந்து கணக்கு.

ஏப்ரல் 10-இல் அவர் பதில் எழுதியிருக்கிறார். 'ஸ்கேன் செய்து வரும் இன்வாய்ஸ்களில் எண்கள் மங்கலாக இருக்கின்றன, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிவதில்லை, தெளிவான நகல் வேண்டும்' என்கிறார். அதற்கு இங்கிருந்து பதில் போனதாகக் கோப்பில் இல்லை.

---

ஒப்பந்தப்பறவை

இதைத்தான் எதிர்பார்த்தேன். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவள், ஒப்பந்தம் மாற்றி ஒப்பந்தமாக வேலை பார்ப்பவள். மங்கலான தாளைக் கொடுத்துவிட்டு எண் தப்பு என்று எச்சரிக்கை கொடுத்தால் அது யார் தவறு? அதே ஸ்கேனில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு எத்தனை பிழை வருகிறது என்று பார்த்தீர்களா? அவர்களுக்கும் 8, 9 என்றால் இவரை மட்டும் அனுப்புவது அநியாயம். அந்த 100 பதிவுகளைப் பொறுக்கியவர் யார்? கஷ்டமான இன்வாய்ஸ்களாகப் பார்த்து எடுத்தாலும் 11 வரும்.

---

நேர்ப்பேச்சு

இப்படியே போனால் யாரையும் அனுப்ப முடியாது. ஒப்பந்தம் இரண்டு பேர் சம்மதித்துப் போட்டது. 30 நாள் கொடுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அவரும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 9.2-இல் போங்கள், முடிந்தது.

---

கோப்பும்_நானும்

நேர்ப்பேச்சு இந்த முறை பாதிக்கு மேல் சரி. 9.2 உண்மையிலேயே ஒரு வழி. சிக்கல் என்னவென்றால், எல்லா நாட்டிலும் ஒப்பந்தத்தில் எழுதியதோடு கதை முடிவதில்லை. பல சட்டங்கள் பணிநீக்கத்துக்கு நியாயமான காரணம் கேட்கும், ஒப்பந்தத்தில் 'காரணம் வேண்டாம்' என்று இருந்தாலும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆம் உடன்படிக்கை, ஒருவருடைய வேலைத்தரத்தைக் காரணம் காட்டி நீக்கும் முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதோடு வந்த 166-ஆம் பரிந்துரை இன்னும் நேராகப் பேசுகிறது. தகுந்த அறிவுறுத்தல், எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, திருந்த நியாயமான அவகாசம், இவ்வளவுக்குப் பிறகும் வேலை திருப்தியாக இல்லாவிட்டால்தான் அதற்காக நீக்கலாம் என்கிறது. உங்கள் 9.3 கிட்டத்தட்ட அதன் நகல்தான். ஆனால் இதைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் குதிக்க வேண்டாம். உடன்படிக்கை ஏற்ற நாடுகளைத்தான் கட்டும், பரிந்துரை யாரையும் கட்டாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தக்காரர்களை விலக்கி வைக்கவும் உடன்படிக்கையே இடம் தருகிறது. உங்கள் ஊரில் எது செல்லும் என்பதை அங்குள்ள தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.

இனி நாள் கணக்கு. 9.2-படி நாளை, ஜூலை 15, மின்னஞ்சல் போனால் 16-இலிருந்து எண்ண வேண்டும். 30-ஆவது நாள் ஆகஸ்ட் 14. அதுவே கடைசி நாள்.

9.3-படி போக வேண்டுமானால் ஒழுங்கான இரண்டாவது எச்சரிக்கை நாளை போக வேண்டும். 21 நாள் அவகாசம் என்று வைத்தால் ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 5 வரை. 6-ஆம் தேதி பணிநீக்கக் கடிதம். 7-இலிருந்து 15 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 21.

அதாவது 15 நாள் பிரிவு 30 நாள் பிரிவைவிட ஒரு வாரம் தாமதமாக முடிகிறது. மேலாளருக்கு அவசரம்தான் காரணம் என்றால் 9.2 எடுத்துக்கொண்டு, கடிதத்தில் காரணம் என்று ஒரு சொல்கூட எழுதாமல் விடுங்கள். காரணம் கோப்பில் நிற்க வேண்டும், அவருக்கும் நியாயமாக ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றால் 9.3. அப்படியானால் முதலில் அந்த ஏப்ரல் 10 கடிதத்துக்குப் பதில் சொல்லுங்கள், தெளிவான நகலைக் கொடுங்கள். கொடுத்தபிறகு பிழை குறைந்துவிட்டால் உங்களுக்குக் கடிதமே தேவைப்படாது.

---

மூன்றாம்வரி

ஒரு நடுவழி உண்டு. '9.3-இன்படி முடிக்கிறோம், அது பொருந்தாது என்று கருதப்பட்டால் மாற்றாக 9.2-இன்படி' என்று எழுதி, 30 நாள் அறிவிப்பே கொடுத்துவிடுவது. நீளமான அறிவிப்பைக் கொடுத்துவிட்டதால் குறுகிய பிரிவில் குறை இருந்தாலும் நாள் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் சட்டப் பிரிவு அப்படித்தான் எழுதும்.

---

கோப்பும்_நானும்

அதை நானும் பார்த்திருக்கிறேன். நாள் விஷயத்தில் பாதுகாப்புதான். எனக்குப் பிடிக்காத காரணம், 9.2-இன் பலமே மௌனம்தான். காரணத்தை ஒரு பத்தியில் எழுதிவிட்டு அடுத்த பத்தியில் காரணம் தேவையில்லை என்றால், எழுதிய காரணத்தை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் இருந்து இறங்காது. இதில் உங்கள் சட்டப் பிரிவும் நானும் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

---

மூன்றாம்வரி

பாரம் எப்படியும் இருக்கப்போகிறது என்பது எங்கள் வாதம். இரண்டு எச்சரிக்கை கொடுத்துவிட்டு 9.2-இல் மௌனமாக அனுப்பினாலும், உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

---

ஹெச்ஆர்_புதுசு (ஜூலை 15)

மேலாளரிடம் இரண்டு தேதிகளையும் காட்டினேன். 9.3 வழியே போகலாம் என்றார், ஆச்சரியமாக இருந்தது. இன்று எச்சரிக்கை போயிற்று. ஜூன் 20 கடிதத்தில் உள்ள 'ஒத்துழைப்பு' குறிப்பைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினேன். ஏப்ரல் 10 கடிதத்துக்குப் பதிலாக, நாளை முதல் ஸ்கேனுக்குப் பதில் மூல மின்கோப்புகள் அவருக்குத் தரப்படும் என்றும் எழுதினேன். மாதிரி எடுப்பது வேறு பிரிவிலிருந்து ஒருவர், வரிசை எண்ணில் பத்துக்கு ஒன்றாக எடுப்பார். ஒப்பந்தப்பறவை கேட்டதையும் பார்த்தேன். அதே ஸ்கேனில் வேலை செய்யும் மற்ற இருவருக்கும் 100-க்கு 2, 4 என்றுதான் வந்திருக்கிறது.

---

ஒப்பந்தப்பறவை

4 வந்தவருக்கும் எச்சரிக்கை போயிற்றா? அளவு 3 தானே.

---

ஹெச்ஆர்_புதுசு

போகவில்லை. மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

---

ஹெச்ஆர்_புதுசு (ஆகஸ்ட் 6)

அவகாசம் நேற்று முடிந்தது. மூல மின்கோப்பு கொடுத்தும் மூன்று வாரமும் 100-க்கு 9, 8, 9. நடுவில் ஒருமுறை உட்காரவைத்துப் பேசினோம், பழைய மென்பொருளின் வரிக் குறியீடுகளே கைக்கு வருகின்றன என்றார். குறியீட்டுப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தோம். நேற்று மாலை கடைசி எண்களைக் காட்டி என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டோம், சொல்ல எதுவும் இல்லை என்றார். நான் எழுதிய வரைவின் நடுப்பகுதி இது:

> தங்கள் தொடர்ந்த அக்கறையின்மையாலும் மோசமான வேலையாலும் நிறுவனம் பெரும் இழப்பைச் சந்தித்துள்ளது. பலமுறை எச்சரித்தும் தாங்கள் திருந்தவில்லை. எனவே பிரிவு 9-இன்படி ஆகஸ்ட் 20 அன்று தங்கள் பணி முடிவடைகிறது.

---

கோப்பும்_நானும்

'அக்கறையின்மை' என்பது அவர் மனசுக்குள் இருப்பது, அதை எப்படி நிரூபிப்பீர்கள்? எண்ணை எழுதுங்கள், போதும். 'பெரும் இழப்பு' என்றால் எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும், கணக்கு இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். 'பலமுறை' வேண்டாம், தேதி போடுங்கள். 'பிரிவு 9' என்றால் அதில் மூன்று உட்பிரிவு இருக்கிறது, எது? தேதியும் ஒரு நாள் குறைகிறது. கடிதம் போகும் நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். 12.2-படி நாளைதான் முதல் நாள், ஆகஸ்ட் 21 தான் வரும். ஒரு நாள் குறைந்த அறிவிப்பு அறிவிப்பே இல்லை என்று வாதாட இடம் கொடுக்காதீர்கள்.

நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> பொருள்: ஒப்பந்தப் பிரிவு 9.3-இன்படி பணி முடிப்பு அறிவிப்பு
>
> ஜனவரி 1 தேதியிட்ட நமது ஒப்பந்தத்தின் இணைப்பு அ, பத்தி 1-இன்படி, மாதிரிக்கு எடுக்கும் 100 பதிவுகளில் பிழை 3-ஐத் தாண்டக் கூடாது.
>
> இத்தரம் எட்டப்படாதது குறித்து ஏப்ரல் 8 அன்றும் ஜூலை 15 அன்றும் தங்களுக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை அனுப்பப்பட்டது. முதல் எச்சரிக்கையில் 30 நாளும் இரண்டாவதில் 21 நாளும் அவகாசம் தரப்பட்டது. தங்கள் ஏப்ரல் 10 கடிதத்தில் கேட்டபடி ஜூலை 16 முதல் மூல மின்கோப்புகள் தரப்பட்டன.
>
> முதல் அவகாசம் முடிந்தபிறகு ஜூலையில் எடுத்த மாதிரியில் 10 பிழைகள் இருந்தன. இரண்டாவது அவகாசத்தில் ஜூலை 22, ஜூலை 29, ஆகஸ்ட் 5 ஆகிய நாட்களின் மாதிரிகளில் முறையே 9, 8, 9 பிழைகள் இருந்தன. ஆகஸ்ட் 5 அன்று நடந்த சந்திப்பில் தங்கள் விளக்கம் கேட்கப்பட்டது.
>
> எனவே பிரிவு 9.3-இன்படி 15 நாள் அறிவிப்புடன் இந்த ஒப்பந்தம் முடிக்கப்படுகிறது. பிரிவு 12.2-இன்படி அறிவிப்புக் காலம் ஆகஸ்ட் 7 அன்று தொடங்குகிறது. தங்கள் கடைசிப் பணி நாள் ஆகஸ்ட் 21.
>
> அந்த நாள் வரையிலான ஊதியமும் எடுக்காத விடுப்புக்கான தொகையும், கணக்கு விவரத்துடன், ஆகஸ்ட் மாத ஊதியத்தோடு தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். அலுவலக மடிக்கணினியையும் நுழைவு அட்டையையும் ஆகஸ்ட் 21 மாலைக்குள் ஒப்படைக்கவும். ரகசியம் காக்கும் பொறுப்பு ஒப்பந்தம் முடிந்தபின்னும் தொடரும்.
>
> இந்த முடிவில் உடன்பாடு இல்லையெனில் ஆகஸ்ட் 14-க்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். முடிவெடுத்தவர் அல்லாத வேறொருவர் அதைப் பரிசீலிப்பார்.

ஜூன் 20 கடிதத்தை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். அரைகுறையான ஒன்றைச் சேர்த்தால் முழுசாக இருக்கும் இரண்டும் பலவீனமாகும். ஊதியம், விடுப்பு, ரகசியம் வரிகளில் உங்கள் ஒப்பந்தத்தின் பிரிவு எண்களைச் சேருங்கள். விடுப்புக்குக் காசு தர ஒப்பந்தமோ சட்டமோ சொல்லாவிட்டால் அந்தச் சொற்களை எடுத்துவிடுங்கள்.

---

மூன்றாம்வரி

முதல் எச்சரிக்கைக்குப் பிறகான மாதிரி ஜூலையில்தான் எடுக்கப்பட்டது. 30 நாள் அவகாசம் மே 8-இலேயே முடிந்துவிட்டது. '9.3 கேட்பது அவகாசத்துக்குள் தரம் எட்டினாரா என்பதை, நீங்கள் பார்த்தது இரண்டு மாதம் கழித்து' என்று ஒருவர் கேட்டால்? மே மாதம் மாதிரி எடுக்கப்பட்டிருந்தால் தேடிப்பாருங்கள். அப்புறம், ஏப்ரல் எச்சரிக்கைக் காலத்தில் மங்கலான ஸ்கேன்தான் இருந்தது என்பதும் கோப்பில் இருக்கிறது.

---

கோப்பும்_நானும்

நல்ல கேள்வி, நான் அதைப் பார்க்காமல் போயிருப்பேன். மே மாதிரி இருந்தால் அதைத்தான் போட வேண்டும். ஸ்கேன் விஷயத்தில், அதே ஸ்கேனில் மற்றவர்களுக்கு 2, 4 என்பது ஓரளவு பதில். முழுப் பதில் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

ஹெச்ஆர்_புதுசு

கிடைத்தது. மே 7-இல் கணக்குத் தலைவர் எடுத்த மாதிரி, 100-க்கு 12. கையெழுத்தோடு இருக்கிறது. ஜூலை எண்ணுக்கு முன்னால் அதைச் சேர்த்துவிட்டேன். வழக்கறிஞரும் வரைவைப் பார்த்துவிட்டார், விடுப்புத் தொகை வரி இருக்கட்டும் என்றார்.

இன்னொன்று. அவரே ராஜினாமா கொடுத்துவிட்டால் நல்லது என்று மேலாளர் சொல்கிறார். கேட்கலாமா?

---

நேர்ப்பேச்சு

கேளுங்கள், அவருக்கும் நல்லதுதானே. அடுத்த இடத்தில் 'நீக்கப்பட்டார்' என்று சொல்ல வேண்டியிருக்காது.

---

ஒப்பந்தப்பறவை

அவராகக் கேட்டால் வேறு. நீங்கள் போய்க் கேட்டால் அதற்குப் பெயர் மிரட்டல். ராஜினாமா என்றால் சில இடங்களில் வேலையில்லாக் கால உதவித்தொகையும் போய்விடும். அதை அவருக்கு யார் சொல்வார்கள்?

---

கோப்பும்_நானும்

பறவை பக்கம்தான் நான். இவ்வளவு தாள் சேர்த்துவிட்டு கடைசியில் கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா என்று பெயர் வாங்காதீர்கள். அவரே கேட்டால், கடிதம் போனபிறகும் பேசலாம்.

---

ஹெச்ஆர்_புதுசு (ஆகஸ்ட் 7)

கடிதம் நேற்று மாலை மின்னஞ்சலில் போனது, இன்று அச்சுப் பிரதியும் கையில் கொடுத்தேன். பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட மறுக்கிறார். போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்படுகிறார்.

---

கோப்பும்_நானும்

வற்புறுத்த வேண்டாம். 12.1-படி மின்னஞ்சலே போதும், போன நேரத்தோடு அதைச் சேமித்து வையுங்கள். 'பெற்றேன், ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிப்பாருங்கள், பலர் அதற்குச் சம்மதிப்பார்கள். அப்படியும் இல்லையென்றால் பிரதியில் 'நேரில் தரப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்' என்று தேதி, நேரம் எழுதி நீங்களும் உடனிருந்தவரும் கையெழுத்துப் போடுங்கள்.

---

ஹெச்ஆர்_புதுசு

'பெற்றேன், ஏற்கவில்லை' என்று எழுதிப் போட்டுவிட்டார். 14-க்குள் பதில் எழுதப்போவதாகவும் சொன்னார். பரிசீலிக்க கிடங்குப் பிரிவு மேலாளரைக் கேட்டிருக்கிறேன், அவருக்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை.